புரூயோன் தாளும் ஒரு பிரசவ இரவும்

புதுச்சேரியில் நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நோட்டு உண்டு. ஒன்று புரூயோன். அடித்தல் திருத்தலோடு, மனதில் பட்டதை அப்படியே எழுதும் கரட்டு நோட்டு. மற்றது ப்ரோப்ர். புரூயோனில் சரிபார்த்ததை அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதி முசேயிடம் காட்டும் சுத்த நோட்டு. ப்ரோப்ரில் மைக்கறை பட்டால் கைமுட்டியில் ஸ்கேல் அடி விழும். அந்த அடியோடு வளர்ந்தவன் நான். பிறகு அரசாங்க குமாஸ்தாவாகி முப்பது வருஷத்துக்கு மேல் ரிஜிஸ்தர்களோடு குடித்தனம் நடத்தியபோதும், கறையில்லாத பக்கம்தான் நல்ல பக்கம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு பிரசவ அறைத் தாள். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு. ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. ஊர் பேர் வேண்டாம். ஒரு டாக்டர், முறை வைத்து வரும் ஸ்டாஃப் நர்ஸ்கள், ஒரு ஜீப், மூன்று கட்டிலோடு ஒரு பிரசவ வார்டு. சம்பளப் பட்டியல், மருந்து இருப்பு, ஜீப்பின் டீசல் கணக்கு எல்லாம் என் மேஜையில். பிரசவம் ஆன பெண்களின் கேஸ் ஷீட்டுகளும் கடைசியில் என்னிடம்தான் வரும். எண் போட்டு, கட்டி, பீரோவில் வைப்பேன்.

அந்தக் கேஸ் ஷீட்டுக்குள் கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு தாள் இருக்கும். பார்ட்டோகிராஃப் என்று பெயர். பாதி ஷீட்டுகளில் அது வெறுமையாக இருந்தது. ஒரு நாள் மேலதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் வெறுந்தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் மூத்த சிஸ்டரிடம் கொடுத்து, "சிஸ்டர், இதையெல்லாம் நாளைக்குள்ள நிரப்பிக் குடுத்துடுங்க. காலியா இருந்தா ஆப்ஜெக்‌ஷன் போடுவாங்க" என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், கொழந்த பொறந்து மூணு வாரம் ஆச்சி. இப்ப நான் எத எழுதறது?" என்றார்.

"அதான் கேஸ் ஷீட்ல சேர்ந்த நேரம், பொறந்த நேரம் எல்லாம் இருக்கே. நடுவுல ஒரு கோடு போட வேண்டியதுதானே" என்றேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெறுந்தாள் ஒன்றை மேஜைமேல் விரித்து எனக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்னதை என் நினைவிலிருந்து சொல்கிறேன்.

பிரசவ வலி எடுத்ததும் கருப்பை வாய் மெல்ல மெல்லத் திறக்கும். முழுவதும் திறந்தால் 10 சென்டிமீட்டர். முதல் 4 சென்டிமீட்டர் திறக்க எவ்வளவு நேரமும் ஆகலாம். ஒரு நாள்கூட ஆகும், அதற்குக் கணக்கு கிடையாது. 4 சென்டிமீட்டர் ஆன பிறகு வலி தீவிரமாகும். அப்போதுதான் இந்தத் தாளைத் தொடங்க வேண்டும். தாளின் நடுவில் இடது கீழிருந்து வலது மேலாக இரண்டு சாய்வுக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் கோடு எச்சரிக்கைக் கோடு. மணிக்கு 1 சென்டிமீட்டர் வீதம், 4இல் தொடங்கி ஆறு மணி நேரத்தில் 10ஐத் தொடும். இரண்டாவது நடவடிக்கைக் கோடு. அதே சாய்வில், நான்கு மணி நேரம் தள்ளி வலப்பக்கம் இருக்கும்.

நான்கு மணிக்கு ஒரு முறை நர்ஸ் உள் பரிசோதனை செய்து, எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி எச்சரிக்கைக் கோட்டின் மேலோ அதற்கு இடப்பக்கமோ இருந்தால் பிரசவம் தன் வேகத்தில் போகிறது. வலப்பக்கம் தாண்டிவிட்டால் ஏதோ தடைபடுகிறது.

"அப்ப ரெண்டு கோடு எதுக்கு? தாண்டினா தாண்டினதுதானே?" என்று கேட்டேன்.

"அந்த நாலு மணி நேரம் நம்ம மாதிரி ஊருக்காகத்தான் சார்" என்றார் சிஸ்டர்.

இந்தத் தாளின் கதையைப் பிற்பாடு படித்தபோதுதான் அந்தப் பதிலின் முழு அர்த்தம் புரிந்தது. கருப்பை வாய் திறக்கும் வேகத்தை வரைபடமாக முதலில் போட்டுக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஃபிரீட்மன், 1954இல். இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்தவர்கள் ஃபில்பாட், கேசில் என்ற இரு மருத்துவர்கள், 1972இல், அன்றைய ரொடீஷியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில். அங்கே சிறு சிறு பிரசவ நிலையங்களில் மருத்துவச்சிகள் மட்டும் இருப்பார்கள், அறுவை செய்யும் டாக்டர் தொலைவில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார். முதல் கோட்டைத் தாண்டினால் பெண்ணை வண்டியில் ஏற்று. இரண்டாவது கோட்டைத் தொடுவதற்குள் அவள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரம் பயணத்துக்கும் ஏற்பாட்டுக்கும் விட்ட இடைவெளி. உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு விட்டதல்ல.

கோடு மட்டும் போதாது என்றும் சிஸ்டர் சொன்னார். மேலே ஒரு பகுதியில் குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒரு முறை புள்ளி வைக்க வேண்டும். வலி வந்து தணிந்தவுடன், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டு, முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். எங்கள் தாளில் 120க்கும் 160க்கும் நடுவே இருந்தால் சரி. அதன் கீழே பனிக்குட நீருக்கு ஓர் எழுத்து: குடம் உடையவில்லை, நீர் தெளிவு, குழந்தை மலம் கழித்துப் பச்சை, ரத்தம் என்று நான்கில் ஒன்று. நடுப்பகுதியில் வயிற்றின்மேல் கை வைத்து, இடுப்பெலும்புக்கு மேலே குழந்தையின் தலை எத்தனை விரலளவு தட்டுப்படுகிறது என்று ஒரு வட்டம். ஐந்து விரல் என்றால் தலை முழுக்க மேலே நிற்கிறது. அது இறங்க இறங்க நான்கு, மூன்று, இரண்டு என்று குறையும். அடுத்து, பத்து நிமிஷத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி. கடைசியில் தாயின் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர்.

"இத பொறந்தப்புறம் எழுதினா அது சாட்சிக் கையெழுத்து மாதிரி சார். நடக்கும்போது எழுதினாத்தான் அது கண்ணு" என்றார்.

வெறுந்தாள்கள் வெறுமையாகவே இருந்தன. ஆய்வில் ஆட்சேபணையும் எழுதினார்கள். எனக்கு அந்தச் சிஸ்டர்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

இது நடந்து பத்து நாள் இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டி என் குவார்ட்டர்ஸ் கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் நிலையத்து வாட்ச்மேன். அவருடைய மகளைத் தலைப் பிரசவத்துக்கு அன்று சாயங்காலம் சேர்த்திருந்தார்கள். "சார், ஜீப் சாவி வேணுமாம். சிஸ்டர் ஒடனே வாங்கியாரச் சொன்னாங்க." கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜீப் சாவி என் பீரோவில் இருந்தது. டீசல் திருட்டு நடக்கிறது என்று நானேதான் அப்படி ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிரசவ அறைக்கு வெளியே மேஜையில் அந்தத் தாள் இருந்தது. ஓரத்தில் மருந்துக் கறை, ஒரு மூலையில் ஈரம். ஆனால் பத்து நாளைக்கு முன் கேட்ட பாடத்தால், முதல்முறையாக அதை என்னால் படிக்க முடிந்தது.

இரவு 8 மணிக்கு அந்தப் பெண்ணுக்குக் கருப்பை வாய் 4 சென்டிமீட்டர். முதல் குறி எச்சரிக்கைக் கோட்டின் அடியில் இருந்தது. தலை நான்கு விரல் மேலே. பத்து நிமிஷத்தில் மூன்று வலி. குழந்தையின் துடிப்பு 140. பனிக்குடம் உடையவில்லை. 12 மணிக்கு 8 சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும். குறி 6இல் இருந்தது. எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்பக்கம், இரண்டு மணி நேரம் தள்ளி. தலை அதே நான்கு விரல், இம்மியும் இறங்கவில்லை. ஆனால் வலி குறையவில்லை, நான்காகக் கூடியிருந்தது. வலி பலமாக இருக்கிறது, வாய் திறக்கவில்லை, தலை இறங்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால், குழந்தை வரும் வழியில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

அதற்குள் உள்ளேயிருந்து பாட்டி சத்தம் போட்டார். "ஒரு வலி ஊசிய போட்டா வந்துடப் போவுது. எம் பொண்ணுங்க மூணு பேருக்கும் அப்படித்தான் போட்டாங்க. எதுக்கு நடு ராத்திரில டவுனுக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

சிஸ்டர் அசையவில்லை. "வலி நல்லாத்தான் வருது ஆயா. வழி இல்லாத எடத்துல தள்ளினா கருப்பையே கிழிஞ்சிடும். இங்க ஆபரேஷன் பண்ண முடியாது. நான் ஊசி போட மாட்டேன்" என்றார்.

பிறகு போனை எடுத்து டாக்டரின் வீட்டுக்குப் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "சீரியஸா இருக்கு சார், கஷ்டப்படுறா சார்" என்றெல்லாம் சொல்லவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் படித்தார். தலைப் பிரசவம். 8 மணிக்கு நாலு சென்டி, 12 மணிக்கு ஆறு. தலை நாலு விரல்லயே நிக்குது. வலி பத்து நிமிஷத்துக்கு நாலு. பேசிக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "12.20க்கு தண்ணி ஒடஞ்சிருக்கு சார், பச்சையா இருக்கு. துடிப்பு இப்ப 116" என்றார். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அனுப்பு. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து தியேட்டரைத் தயார் செய்யச் சொல்வதாகச் சொன்னார்.

கையில் டிரிப் ஏற்றி, பெண்ணை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து ஜீப்பில் ஏற்றினோம். மல்லாக்கப் படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும் என்று சிஸ்டர் சொன்னார். நான் முன்னால் உட்கார்ந்தேன். 28 கிலோமீட்டர். மடியில் அந்தத் தாள், நான்காய் மடிக்காமல், ஒரு ஃபைலுக்குள். "சார், பொண்ண உட்டாலும் இத உட்டுடாதீங்க" என்று சிஸ்டர் பின்னாலிருந்து சொன்னார். கேலிதான். ஆனால் வழி முழுக்க அவர் குழலை வைத்துத் துடிப்பை எண்ணி எண்களைச் சொல்ல, நான் டார்ச் வெளிச்சத்தில், குலுங்கும் ஜீப்பில், பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக அசிங்கமான பக்கம் அது.

டவுன் ஆஸ்பத்திரி டூட்டி டாக்டர் முதலில் தாளைத்தான் பார்த்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடி கதை கேட்கவில்லை. பெண்ணை ஒரு முறை பரிசோதித்துவிட்டு நேரே தியேட்டருக்கு அனுப்பினார். இரண்டரை மணிக்குள் ஆண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை, மூக்கையும் வாயையும் சுத்தம் செய்து, பை வைத்துக் காற்றுக் கொடுத்த பிறகு அழுதது. குழந்தையின் முகம் தாயின் முதுகைப் பார்த்திருக்க வேண்டியது, வயிற்றைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம். அப்படி இருந்தாலும் பல குழந்தைகள் தானே திரும்பிப் பிறந்துவிடும். இது திரும்பாமல், தலை நிமிர்ந்தபடி சிக்கிக்கொண்டது. இரண்டாவது கோட்டின்படி அதற்குக் கெடு இரண்டு மணி. அந்தக் கெடுவுக்கு முன்பே அவள் தியேட்டர் வாசலில் இருந்தாள்.

திரும்பி வந்ததும் நான் முதலில் செய்த காரியம், ஜீப் சாவியைப் பீரோவிலிருந்து எடுத்து பிரசவ அறைச் சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டியது. டீசல் கணக்கை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கேஸ் ஷீட் கட்டும்போது பார்ட்டோகிராஃபைப் படிக்காமல் கட்டியதில்லை. எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் ரிஜிஸ்தர் தெரியும். நடக்கும்போது எழுதிய தாளுக்கும், நடந்து முடிந்த பிறகு நிரப்பிய தாளுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் குமாஸ்தாவும் கண்டுபிடித்துவிடுவான். பிறகு நிரப்பிய தாளில் எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு. துடிப்பு எல்லாக் கட்டத்திலும் 140. குறிகள் எச்சரிக்கைக் கோட்டின்மேல் ரூல் போட்டதுபோல ஏறிப் போகும். உண்மைத் தாளில் துடிப்பு 136, 148, 142 என்று ஆடும், நேரம் 12.20 என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். இரண்டு பேனா, இரண்டு கையெழுத்து, ஒரு கறை. சுத்தமான தாள் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிரப்பாத தாளைவிட அது ஆபத்து. நிரப்பாத தாள் "நாங்கள் பார்க்கவில்லை" என்று ஒப்புக்கொள்கிறது. மற்றது பார்த்ததாகப் பொய் சொல்கிறது. ஒரு நர்ஸ் தனியாக மூன்று கட்டிலையும் பார்க்கும் இரவில் ஏன் தாள் காலியாகிறது என்பதும் எனக்குப் பிறகு புரிந்தது. அந்த இரவுகளில் இன்னொரு ஆள் போடச் சொல்லி டாக்டர் கையெழுத்தோடு நானே கடிதம் தயார் செய்திருக்கிறேன்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்திருக்கிறது. என் பேரனின் மனைவி நர்ஸ். அவள்தான் காட்டினாள். அதில் சாய்வுக் கோடுகளே இல்லை. மணிக்கு 1 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் எல்லாப் பெண்களும் திறப்பதில்லை, மெதுவாகத் திறந்தும் நல்லபடி பெறுகிறவர்கள் நிறைய என்று தெரிய வந்ததால் எடுத்துவிட்டார்களாம். தாள் 5 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. 5இலேயே 6 மணி நேரம், 6இல் 5 மணி, 7இல் 3 மணி என்று ஒவ்வொரு படிக்கும் தனி வரம்பு. தாயோடு துணைக்கு ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கும் கட்டமும் இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. கோடு போனாலும் வேலை மாறவில்லை: அந்தந்த நேரத்தில் பார், அப்போதே எழுது, வரம்பு தாண்டினால் கூப்பிடு.

நம் வயதில் இருப்பவர்கள் மகளையோ பேத்தியையோ சேர்த்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். தாளை நாம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால், குழந்தையின் துடிப்பு குறைகிறது அல்லது எகிறுகிறது என்று நர்ஸ் சொன்னால், வலி பலமாக இருந்தும் நான்கு மணி நேரத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றால், தாய்க்குக் காய்ச்சலோ, கடும் தலைவலியோடு ரத்த அழுத்தம் 140/90க்கு மேலோ போனால், டாக்டரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. அப்போது "டவுனுக்குப் போகணும்" என்று சிஸ்டர் சொன்னால், "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்று நாம் பேரம் பேசக் கூடாது. ஊசி போடச் சொல்லியும் கேட்கக் கூடாது. அந்தக் கொஞ்ச நேரம் ஏற்கெனவே தாளில் எண்ணப்பட்டிருக்கிறது.

பிரெஞ்சில் மருத்துவச்சியை சாஜ்-ஃபாம் என்பார்கள். அறிவுள்ள பெண் என்று அர்த்தம். பள்ளியில் அந்த வார்த்தையை ப்ரோப்ரில் பலமுறை அழகாக எழுதியிருக்கிறேன். அர்த்தம் தெரிந்தது அந்த ஜீப்பில்தான்.

வாட்ச்மேன் இப்போது இல்லை. பேரன் இருபது வயதைத் தாண்டிவிட்டான். போன பொங்கலுக்கு வந்து காலில் விழுந்தான். என்னை எதற்கு விழுகிறான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. தாத்தா சொல்லி வைத்த பழக்கம். நான் சாவியைக் கொடுத்தவன், அவ்வளவுதான். அதையும் பூட்டி வைத்திருந்தவன் நான்தான் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.